பேங்க் சர்வீஸ் சார்ஜ் லிஸ்ட்டை வச்சு இந்த மாசம் எவ்வளவு பிடிப்பாங்கன்னு முன்னாடியே கணக்கு போடுறது

போன செப்டம்பர்ல என் அக்கா பையன் போன் பண்ணான், "மாமா, அக்கவுண்ட்லேந்து ஏதேதோ பேர்ல காசு போயிட்டே இருக்கு, நான் ஒண்ணுமே வாங்கல, பேங்க்ல கேட்டா சார்ஜ் லிஸ்ட்ல இருக்கு பாருங்கன்னு சொல்லிட்டாங்க"ன்னான். அந்த லிஸ்ட்டை அனுப்பச் சொன்னேன். நாலு பக்கம் பிடிஎஃப், பொடி எழுத்து, கீழ ஸ்டார் போட்டு அடிக்குறிப்பு வேற. அவன் அதுல ரூபாய் போட்டிருக்கிற காலத்தை மட்டும் பார்த்துட்டு 23 ரூபாய், 25 ரூபாய், 15 ரூபாய், இதெல்லாம் சின்னத் தொகைதானேன்னு விட்டுட்டான். எல்லாரும் அப்படித்தான் படிக்கிறோம். ஆனா அந்த லிஸ்ட்ல ரூபாய் காலம் கடைசியா பார்க்க வேண்டியது, அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது எதை எண்றாங்க, எந்தக் காலத்துக்கு எண்றாங்க, எத்தனை வரைக்கும் இலவசம், இந்த மூணும்தான். இது தெரிஞ்சா ஒரு மாசத்துக்கு நம்ம என்னென்ன பண்ணப் போறோம்ங்கிறதை வச்சு எவ்வளவு பிடிப்பாங்கன்னு பைசா சுத்தமா முன்னாடியே சொல்லிடலாம். அவனோட செப்டம்பர் மாசத்தையே எடுத்துக்கிட்டு அதை எப்படிப் பண்றதுன்னு சொல்றேன், பேங்க் பேர் வேண்டாம், ஏன்னா தொகை பேங்குக்கு பேங்க் மாறும், படிக்கிற முறை மாறாது.

முதல்ல லிஸ்ட் எங்க இருக்கும்னா பேங்க் வெப்சைட்ல அடியில Service Charges இல்லைன்னா Fees and Charges-ன்னு ஒரு லிங்க் இருக்கும், அதுக்குள்ள சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கே நாலஞ்சு வகை தனித்தனியா போட்டிருப்பாங்க, ரெகுலர், சாலரி, சீனியர் சிட்டிசன், பேசிக்னு. உங்க அக்கவுண்ட் இப்ப எந்த வகைன்னு ஆப்ல போய்ப் பார்த்துட்டு அந்த லிஸ்ட்டை மட்டும் திறங்க. "இப்ப"ன்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. இவன் அக்கவுண்ட் முதல் கம்பெனில சேர்ந்தப்போ சாலரி அக்கவுண்ட்டா திறந்தது, அதுக்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. வேலை மாறினான், புது கம்பெனி சம்பளத்தை அதே அக்கவுண்ட்டுக்குத்தான் போடுது, ஆனா பேங்க் சிஸ்டத்துல அது சம்பளம்னு பதிவாகல, சாதாரணமா வர்ற நெஃப்ட் மாதிரி வருது. மூணு மாசம் சம்பளம்ங்கிற அடையாளத்தோட காசு வரலன்னா சாலரி அக்கவுண்ட்டை ரெகுலரா மாத்திடுறது பல பேங்க்ல வழக்கம், இவனுக்கும் அதான் நடந்திருக்கு, எஸ்எம்எஸ் வந்திருக்கு, அவன் படிக்கல. அதனால அவன் பழைய ஞாபகத்துல சாலரி அக்கவுண்ட் லிஸ்ட்டைப் படிச்சா ஒரு வரி கூட பொருந்தாது.

இவன் அக்கவுண்ட்டுக்குப் பொருந்துற வரிகள் இதுதான். மாச சராசரி பேலன்ஸ் 10,000 இருக்கணும், குறைஞ்சா குறையிற தொகையில 6 சதவீதம் இல்லைன்னா 600 ரூபாய், இதுல எது கம்மியோ அது. சொந்த பேங்க் ஏடிஎம்ல மாசம் 5 தடவை இலவசம், மத்த பேங்க் ஏடிஎம்ல மாசம் 5, அதுல மெட்ரோ ஊர்ல 3 தடவை வரைக்கும்தான், அதுக்கு மேல பணம் எடுத்தா தடவைக்கு 23 ரூபாய். பேலன்ஸ் பத்தாம மத்த பேங்க் ஏடிஎம்ல திரும்பினா 25 ரூபாய். ஆட்டோ டெபிட் திரும்பினா 500 ரூபாய். எஸ்எம்எஸ் அலர்ட் காலாண்டுக்கு 15 ரூபாய். கார்டு வருஷச் சந்தா 200 ரூபாய். எல்லாத்துக்கும் கீழ ஒரே ஒரு வரி, மேலே உள்ளவை ஜிஎஸ்டி சேர்க்காதவைன்னு. 2017 ஜூலைலேந்து பேங்க் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதனால லிஸ்ட்ல என்ன தொகை இருந்தாலும் அதை 1.18-ஆல பெருக்கினதுதான் உங்க பாஸ்புக்ல விழும். 23 ரூபாய் 27.14 ஆகும், 500 ரூபாய் 590 ஆகும்.

இப்ப மினிமம் பேலன்ஸ், ஏன்னா இதைத்தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. 10,000 மினிமம்னா எந்த நாளும் 10,000-க்கு கீழ இறங்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு நாளும் ராத்திரி கணக்கு மூடும்போது எவ்வளவு இருந்துச்சோ அதை எல்லாம் கூட்டி மாசத்துல உள்ள நாட்களால வகுக்கிறது, அந்த சராசரி 10,000 இருந்தா போதும். (சில பேங்க் மாசத்துக்குப் பதிலா காலாண்டு சராசரி பார்ப்பாங்க, அப்ப 90 நாள் மாதிரி எடுத்துக்கணும், அதையும் லிஸ்ட்ல பார்த்துக்கங்க.) இவனுக்கு 1ஆம் தேதி காலைல 1,500 இருந்துச்சு, சம்பளம் 28,000 வந்துச்சு. 3ஆம் தேதி வாடகை 12,000 போச்சு. 5ஆம் தேதி பைக் இஎம்ஐ 4,200, ஊருக்கு 5,000. 12ஆம் தேதி 2,000 எடுத்தான், 20ஆம் தேதி 3,500 எடுத்தான். அவ்வளவுதான் மாசம்.

```
1-2    29,500 x  2 =  59,000
3-4    17,500 x  2 =  35,000
5-11    8,300 x  7 =  58,100
12-19   6,300 x  8 =  50,400
20-30   2,800 x 11 =  30,800
மொத்தம்            2,33,300 / 30 = 7,776.67
```

குறைவு 2,223.33, அதுல 6 சதவீதம் 133.40, இது 600-ஐ விட கம்மி அதனால இதுதான், ஜிஎஸ்டி சேர்த்து 157.41.

இந்த வலது பக்கத்துல இருக்கிற எண்களைக் கொஞ்சம் பாருங்க, அதுதான் உண்மையில பேங்க் எண்ற பொருள். நான் அதை ரூபாய்-நாள்னு சொல்லுவேன். 30 நாள் மாசத்துல 10,000 சராசரி வேணும்னா 3,00,000 ரூபாய்-நாள் சேர்க்கணும். ஒரு லட்ச ரூபாயை மூணே மூணு ராத்திரி அக்கவுண்ட்ல வச்சிருந்தா மாசம் முழுக்க மினிமம் பேலன்ஸ் முடிஞ்சுபோச்சு, மீதி 27 நாள் பூஜ்யம் இருந்தாலும் சார்ஜ் இல்ல. அதே மாதிரி பகல்ல ஒரு லட்சம் வந்து சாயங்காலமே போயிடுச்சுன்னா அதுக்கு ஒரு ரூபாய்-நாள் கூட சேராது, ஏன்னா ராத்திரி இருப்புதான் கணக்கு.

இவனுக்கு 66,700 ரூபாய்-நாள் குறையுது. இதை எப்ப சரி பண்றோம்ங்கிறதைப் பொறுத்து தேவைப்படுற காசு பயங்கரமா மாறும். 20ஆம் தேதியே கவனிச்சிருந்தா அன்னைலேந்து மாசக் கடைசி வரைக்கும் 11 ராத்திரி, 6,064 ரூபாயை யார்கிட்டயாவது வாங்கிப் போட்டு வச்சிருந்தா போதும். 28ஆம் தேதி கவனிச்சா மூணு ராத்திரிதான் மீதி, 22,234 ரூபாய் வேணும். 30ஆம் தேதி முழிச்சா 66,700 ரூபாயும் ஒரே ராத்திரில இருக்கணும். பேங்க் அனுப்புற "உங்க பேலன்ஸ் குறைவா இருக்கு" எஸ்எம்எஸ் பல நேரம் மாசக் கடைசிலதான் வருது, அப்ப அது வந்து பெருசா பிரயோஜனம் இல்ல, அதனால நடு மாசத்துல ஒரு தடவை இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கிறது நல்லது.

இன்னொரு வழி காசே போடாம தேதியை நகர்த்துறது. வாடகையை 3ஆம் தேதிக்கு பதிலா 9ஆம் தேதி கொடுத்தா 12,000 ரூபாய் ஆறு ராத்திரி கூட இருக்கும், அது 72,000 ரூபாய்-நாள், குறைவை விட அதிகம், சராசரி 10,176 ஆயிடும், அபராதம் பூஜ்யம். செலவு ஒரு ரூபாய் கூட குறையல, வரவு கூடல, ஆறு நாள் தள்ளினது மட்டும்தான்.

இந்த அபராதத்துக்கு ரிசர்வ் பேங்க் விதி ஒண்ணு இருக்கு, 2014 நவம்பர்ல போட்டது, 2015 ஏப்ரல் 1லேந்து நடைமுறை. குறையிற தொகைக்கு ஏத்த மாதிரிதான் சார்ஜ் இருக்கணும், குறைஞ்சுடுச்சுன்னு முதல்ல தகவல் கொடுக்கணும், அந்தத் தகவல்லேந்து குறைஞ்சது ஒரு மாசம் சரி பண்ண டைம் கொடுக்கணும், அப்புறம்தான் பிடிக்கலாம், இந்த அபராதத்தால மட்டுமே அக்கவுண்ட் மைனஸ்க்குப் போகக் கூடாது. இதனால கணிப்புல ஒரு விஷயம் மாறுது, செப்டம்பர்ல குறைஞ்சதுக்கு காசு செப்டம்பர் ஸ்டேட்மெண்ட்ல போகாது, அது பின்னாடி மாசத்துல வரும், ஆக நீங்க ஒரு மாசத்துக்கு சார்ஜ் கணக்கு போடும்போது "இந்த மாசம் உண்டாகிற சார்ஜ்"னும் "இந்த மாசம் பிடிக்கப் போற சார்ஜ்"னும் ரெண்டா வச்சுக்கங்க. பலபேர் நவம்பர்ல ஒழுங்கா பேலன்ஸ் வச்சிருந்தும் பிடிச்சுட்டாங்கன்னு கோபப்படுறது இதனாலதான், அது பழைய மாசத்தோடது. அக்கவுண்ட்ல அப்ப காசு இல்லாம பாக்கி நிக்கிற சார்ஜும் இப்படித்தான், அடுத்து காசு வந்ததும் எடுத்துப்பாங்க.

ஏடிஎம்முக்கு வருவோம். இங்க எண்ற பொருள் ரூபாய் இல்ல, தடவை. ஒரே நேரத்துல நின்னு 2,000, 1,500-ன்னு ரெண்டா எடுத்தா ரெண்டு தடவை. இவன் 12ஆம் தேதி சென்னைல வேற பேங்க் ஏடிஎம்ல போய் முதல்ல பேலன்ஸ் பார்த்தான், அப்புறம் 2,000 எடுத்தான். 20ஆம் தேதி அதே மாதிரி வேற பேங்க் மெஷின், 3,500 கேட்டப்போ அந்த மெஷின்ல அந்த நேரம் அப்படி வரல, அதனால 2,000 ஒரு தடவை, 1,500 ஒரு தடவை எடுத்தான். அவன் மனசுல "ரெண்டு தடவை ஏடிஎம் போனேன்". பேங்க் கணக்குல நாலு. சென்னைல மூணுதான் இலவசம், அதனால நாலாவதா எடுத்த 1,500-க்கு 27.14. பேலன்ஸ் பார்த்ததை போன்லயே பார்த்திருந்தா இது வந்திருக்காது. வேற பேங்க் ஏடிஎம்ல பேலன்ஸ் பார்க்கிறதும் இலவசக் கணக்குல ஒரு தடவைதான்ங்கிறது லிஸ்ட்ல "நிதி சார்ந்த, நிதி சாராத பரிவர்த்தனைகள் உட்பட"ன்னு ஒரே வரியில ஒளிஞ்சிருக்கும்.

சொந்த பேங்க் ஏடிஎம்ல இது வேற மாதிரி. 2019 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் தெளிவா சொல்லிட்டாங்க, சொந்த பேங்க் மெஷின்ல பேலன்ஸ் பார்க்கிறது, செக் புக் கேட்கிறது மாதிரி பணம் எடுக்காத வேலை எதுவும் இலவச எண்ணிக்கைல சேராது. மெஷின் கோளாறு, மெஷின்ல பணம் இல்ல, பின் நம்பர் தப்பு, இப்படித் தோத்துப்போனதும் எண்ணிக்கைல சேராது, அதுக்கு சார்ஜும் கிடையாது. இதை ஸ்டேட்மெண்ட்ல சரி பார்க்கிறது சுலபம், சார்ஜ் போட்ட தேதிக்கு முன்னாடி அந்த மாசத்துல எத்தனை தடவை உண்மையா பணம் வந்துச்சுன்னு எண்ணுங்க, வேற பேங்க்ல பேலன்ஸ் பார்த்ததை அதோட சேருங்க, இலவச எண்ணை தாண்டலன்னா தப்பா பிடிச்சிருக்காங்க.

ஆனா பேலன்ஸ் பத்தாம திரும்புறது இந்த விலக்குல வராது, அது தனி வரி. இவன் 27ஆம் தேதி ராத்திரி 3,000 கூட இல்லாதப்போ வேற பேங்க் மெஷின்ல 3,000 கேட்டிருக்கான், பணமும் வரல, 25-ம் ஜிஎஸ்டியும் 29.50 போச்சு. 

மெட்ரோங்கிற சொல்லுல ஒரு குழப்பம் இருக்கு, ஒரே பிடிஎஃப்ல ரெண்டு அர்த்தத்துல வரும். ஏடிஎம் வரியில மெட்ரோன்னா ஆறே ஆறு ஊர், சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி எதுவும் இல்ல, அங்க எடுத்தா மத்த பேங்க்லயும் 5 தடவை இலவசம். மினிமம் பேலன்ஸ் வரியில மெட்ரோன்னா ஜனத்தொகை 10 லட்சமும் அதுக்கு மேலயும் உள்ள ஊர், அதுக்குக் கீழ அர்பன், ஒரு லட்சத்துக்கு கீழ செமி அர்பன், பத்தாயிரத்துக்கு கீழ ரூரல். அதோட ஏடிஎம்முக்கு மெஷின் எங்க இருக்குன்னு பார்ப்பாங்க, மினிமம் பேலன்ஸுக்கு உங்க அக்கவுண்ட் இருக்கிற பிராஞ்ச் எங்க இருக்குன்னு பார்ப்பாங்க, நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு ரெண்டுக்கும் பார்க்க மாட்டாங்க. செய்யாறு மாதிரி ஊர்ல அக்கவுண்ட் திறந்துட்டு சென்னைல வேலை பார்க்கிறவங்களுக்கு மினிமம் பேலன்ஸ் செமி அர்பன் அளவு, ஏடிஎம் இலவசம் மெட்ரோ அளவு. பிராஞ்சை சென்னைக்கு மாத்தினா வசதின்னு மாத்துறவங்க மினிமம் பேலன்ஸும் கூடவே ஏறும்ங்கிறதை பார்த்துட்டு மாத்துங்க.

23 ரூபாய்ங்கிறது 2025 மே 1லேந்து ரிசர்வ் பேங்க் வச்சிருக்கிற உச்சவரம்பு, அதுக்கு முன்னாடி 21. உச்சவரம்புன்னா அதுக்கு மேல பிடிக்கக் கூடாது, கம்மியா பிடிக்கலாம், அதனால பழைய பிடிஎஃப் உங்க கைல இருந்து அதுல 21 இருந்தா அது தேதி போன லிஸ்ட்டா இருக்கலாம், மேல "எந்த தேதியிலிருந்து அமல்"னு போட்டிருக்கும், அதைப் பார்க்காம கணக்கு போடாதீங்க.

இப்ப பெரிய அடி எங்கன்னா ஆட்டோ டெபிட். இவன் மாசம் 3,000 ரூபாய்க்கு ஒரு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி போட்டு வச்சிருக்கான், தேதி 25. 25ஆம் தேதி அக்கவுண்ட்ல 2,800. 200 ரூபாய் குறைஞ்சதால திரும்பிடுச்சு, 590 ரூபாய் போச்சு. ஸ்டேட்மெண்ட்ல இது NACH, ACH, ECS-ன்னு ஏதாவது ஒரு எழுத்தோட RETURN இல்லைன்னா RTN-ன்னு வரும், அதைப் பார்த்துதான் அவன் என்ன சார்ஜ்னே புரியலன்னு சொன்னது. இதுல இலவச எண்ணிக்கை கிடையாது, குறையிற தொகைக்கு ஏத்த மாதிரியும் கிடையாது, ஒரு ரூபாய் குறைஞ்சாலும் முழு 500. லிஸ்ட்டைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் எந்த வகைன்னு நான் பார்க்கிறது இதுக்குத்தான், சதவீதத்துல இருக்கிற சார்ஜ் கொஞ்சம் தப்பினா கொஞ்சம்தான் வலிக்கும், தடவைக்கு இவ்வளவுன்னு இருக்கிறது சின்னத் தப்புக்கும் முழுசா வலிக்கும்.

எஸ்ஐபிங்கிறதால பேங்க் சார்ஜோட போச்சு. இதுவே இஎம்ஐ திரும்பியிருந்தா கடன் கொடுத்தவங்க தங்கள் பங்குக்கு பவுன்ஸ் சார்ஜ் போடுவாங்க, அது உங்க பேங்க் லிஸ்ட்லயே இருக்காது, லோன் பேப்பர்ல இருக்கும், ரெண்டையும் கூட்டித்தான் கணிக்கணும். அவங்க அதே தவணையை ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அனுப்பி அப்பவும் காசு இல்லன்னா பேங்க் சார்ஜும் மறுபடி விழலாம். ஆட்டோ டெபிட் பெரும்பாலும் காலைலயே ஓடும், அதனால அன்னைக்கு மத்தியானம் போட்டுக்கலாம்னு இருக்காம முந்தின நாள் சாயங்காலமே காசு இருக்கணும், சம்பளம் வர்ற அதே தேதியில இஎம்ஐ வச்சிருக்கிறவங்க சம்பளம் சாயங்காலம் வந்தா மாட்டிப்பாங்க.

இந்த சார்ஜ்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும்ங்கிறதையும் பார்த்துக்கங்க. 590-ஐ 25ஆம் தேதியே பிடிச்சுட்டா அதுக்கப்புறம் ஆறு ராத்திரி பேலன்ஸ் 590 கம்மி, 3,540 ரூபாய்-நாள் போகும், சராசரி 118 குறையும், அபராதம் ஜிஎஸ்டியோட எட்டு ரூபாய் சொச்சம் கூடும். 27ஆம் தேதி ஏடிஎம்ல அவன் நினைச்சதை விட பேலன்ஸ் இன்னும் கம்மியா இருந்ததும் இதே கதைதான். நான் மேல போட்ட கணக்குல சிம்பிளா இருக்கட்டும்னு இதைச் சேர்க்கல.

மீதி வரிகள் வேகமா. எஸ்எம்எஸ் 15 ரூபாய் காலாண்டுக்கு, செப்டம்பர் காலாண்டு முடியிற மாசம் அதனால இந்த மாசம் 17.70, அக்டோபர், நவம்பர்ல பூஜ்யம். கார்டு சந்தா அவன் கார்டு வாங்கின ஜனவரிலதான் வரும், செப்டம்பருக்கு சேர்க்க வேண்டாம். யூபிஐக்கு சார்ஜ் இல்ல, ஆன்லைன் நெஃப்ட் சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு 2020 ஜனவரிலேந்து இலவசம், பிராஞ்ச்ல ஃபார்ம் எழுதிக் கொடுத்து அனுப்பினாதான் காசு, பத்தாயிரம் வரைக்கும் 2.50-ல ஆரம்பிச்சு ரெண்டு லட்சத்துக்கு மேல 25 வரைக்கும். கடை வச்சிருக்கிறவங்க, கையில காசா போடுறவங்க மட்டும் கேஷ் வரியை நிதானமா படிங்க, அங்க "எது கம்மியோ அது" இருக்காது, "எது அதிகமோ அது"ன்னு இருக்கும். உதாரணமா மாசம் ஒரு லட்சம் வரை இலவசம், மேல ஆயிரத்துக்கு 5 ரூபாய் இல்லைன்னா 150, எது அதிகமோன்னு போட்டிருந்தா, ரெண்டு லட்சம் கட்டினவங்களுக்கு மேல போன ஒரு லட்சத்துக்கு 500 ரூபாய், ஜிஎஸ்டியோட 590. 150-ஐ மட்டும் பார்த்து வச்சிருந்தா கணக்கு எங்கயோ போயிடும்.

ஆக இவன் செப்டம்பர்: மினிமம் பேலன்ஸ் 157.41, ஏடிஎம் 27.14, பத்தாம திரும்பினது 29.50, எஸ்ஐபி திரும்பினது 590, எஸ்எம்எஸ் 17.70, மொத்தம் 821.75. லிஸ்ட்டையும் அவன் தேதிகளையும் மட்டும் வச்சு நான் இதைப் போட்டேன், அவன் ஸ்டேட்மெண்ட்டை அப்புறமாத்தான் திறந்தோம், மினிமம் பேலன்ஸ் மட்டும் பின்னாடி மாசத்துக்குப் போயிருந்துச்சு, மத்ததெல்லாம் வரிக்கு வரி நின்னுச்சு.

அடுத்தது அவன் கேட்டது, "அப்ப எஸ்ஐபி தேதியை 7க்கு மாத்திட்டா சரியாயிடுமா மாமா". இதைத்தான் கணக்கு போட்டுப் பார்த்து சொல்லணும், ஏன்னா 3,000 ரூபாய் 7ஆம் தேதியே வெளிய போயிட்டா அதுலேந்து 30 வரைக்கும் 24 ராத்திரி, 72,000 ரூபாய்-நாள் குறையும். வாடகையை ஆறு நாள் தள்ளி சம்பாதிச்சதும் சரியா 72,000தான், ஒண்ணை ஒண்ணு அடிச்சிடுது. மொத்தக் காசும் அந்த மாசத்துக்கு 200 ரூபாய் பத்தாது, அதனால 20ஆம் தேதி 3,500-க்கு பதிலா 3,300 எடுக்கணும். அப்படி எல்லாம் மாத்தி, ஏடிஎம்ல பேலன்ஸ் பார்க்காம, பத்தாத தொகையைக் கேட்காம இருந்தா, கூட்டல் 2,35,500, சராசரி 7,850, அபராதம் 129, ஜிஎஸ்டியோட 152.22, எஸ்எம்எஸ் 17.70, மொத்தம் 169.92. வாடகையை நகர்த்தாம எஸ்ஐபியை மட்டும் முன்னாடி கொண்டுவந்தா அபராதம் 322.14 ஆகும், அப்படி இருந்தும் 590-ஐ தவிர்க்கிறதால லாபம்தான். அதனால முதல் வேலை எஸ்ஐபி தேதி, ரெண்டாவது வாடகை தேதின்னு சொன்னேன்.

மீதி நிக்கிற 152 ரூபாய் இந்த ரெண்டு தேதியை இப்படி மாத்தினதால மட்டும் போகாது, அவன் வரவு செலவுக்கு 10,000 சராசரி சுலபமா ஒத்து வராது, அது அக்கவுண்ட் வகையோட பிரச்சினை. அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு புது கம்பெனி எச்ஆர்கிட்ட லெட்டர் வாங்கி பிராஞ்ச்ல கொடுத்து மறுபடி சாலரி அக்கவுண்ட்டா மாத்தச் சொல்றது, பேங்குக்கும் அந்தக் கம்பெனிக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கணும். இன்னொண்ணு மினிமம் பேலன்ஸ் அபராதமே எடுத்துட்ட பேங்குக்கு போறது, எஸ்பிஐ 2020 மார்ச்லயே எடுத்துட்டாங்க, கனரா பேங்க் 2025 ஜூன் 1லேந்து, நம்ம சென்னைல தலைமை ஆபீஸ் இருக்கிற இந்தியன் பேங்க் 2025 ஜூலை 7லேந்து. ஆனா அங்கயும் ஏடிஎம் வரியும் ஆட்டோ டெபிட் திரும்புற வரியும் இருக்கத்தான் செய்யும், மாறுற முன்னாடி அந்த பேங்க் லிஸ்ட்டை எடுத்து இதே செப்டம்பர் மாசத்தை அதுல ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

கணக்கு போட்டதுக்கும் பிடிச்சதுக்கும் வித்தியாசம் வந்தா பிராஞ்ச்ல வாயால கேட்காம ஆப்லயோ மெயில்லயோ எழுத்துல கேளுங்க, எந்த தேதி, எந்த வரி, எத்தனையாவது தடவைன்னு போட்டு. 30 நாள்ல பதில் இல்லைன்னா, இல்ல பதில் சரியில்லைன்னா, cms.rbi.org.in-ல ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கிடையாது, சந்தேகம்னா 14448-க்கு போன் பண்ணலாம். இவன் விஷயத்துல தப்பா பிடிச்சது எதுவும் இல்ல, அதனால புகார் வரைக்கும் போகல. எஸ்ஐபி தேதி அன்னைக்கே ஆப்ல மாத்திட்டான், வாடகையை 9ஆம் தேதி வாங்கிக்கிறேன்னு வீட்டுக்காரம்மா ஒத்துக்கிட்டாங்க, எச்ஆர் லெட்டருக்குத்தான் இன்னும் காத்துக்கிட்டு இருக்கான்.